கூகுள் ஷீட்ஸில் 'இன்று பேச வேண்டியவர்கள்' பட்டியலில் சிலர் வராமல் போவது ஏன்?

வைகைக்கரை (கே.கே. நகர், மதுரை):

அனைவருக்கும் வணக்கம். கண்காணிப்பு கேமரா பொருத்தும் வேலையை இரண்டு பணியாளர்களுடன் செய்து வருகிறேன். தொலைபேசியில் விசாரிப்பவர்களின் விவரத்தை என் மனைவி குறித்துக்கொள்வார். இதுவரை நோட்டில் எழுதி வந்ததை ஜனவரி முதல் கூகுள் ஷீட்ஸுக்கு மாற்றினோம். ஒரு விசாரிப்புக்கு ஒரு வரி என்று வைத்து, வந்த தேதி, பெயர், இடம், தேவை, கொட்டேஷன் தொகை, நிலை, அடுத்துப் பேச வேண்டிய தேதி, என்ன பேச வேண்டும், குறிப்பு என ஒன்பது பத்திகளை அமைத்திருக்கிறேன். காலையில் திறந்தவுடன் அன்று யாரிடம் பேச வேண்டும் என்று தெரிவதற்காக, 'இன்று' என்ற தனித் தாளில் இந்தச் சூத்திரத்தை இட்டேன்.

```
=FILTER('பட்டியல்'!A2:I, 'பட்டியல்'!G2:G<=TODAY(), 'பட்டியல்'!G2:G<>"", 'பட்டியல்'!F2:F<>"முடிந்தது")
```

ஒத்தக்கடையில் ஒரு திருமண மண்டபத்துக்கு 16 கேமராக்களுக்குக் கொட்டேஷன் கொடுத்து, மார்ச் 18 அன்று அழைப்பதாகச் சொல்லியிருந்தேன். அந்த வரி 'இன்று' தாளில் வரவே இல்லை. நினைவு வந்து நான் அழைத்தபோது வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. ஏப்ரல் 5 அன்று பேச வேண்டிய திருமங்கலம் பள்ளியோ மே 4 அன்றுதான் வந்து நின்றது. சில வரிகள் சரியான நாளில் வருகின்றன என்பதால் எதை நம்புவது என்று தெரியவில்லை. சூத்திரத்தில் பிழை இருக்கிறதா?

தெற்குவெளி:

சூத்திரத்தில் பிழை இல்லை, தேதிப் பத்தியில்தான் கோளாறு. ஜி பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து `Format > Number > Date` என்று கொடுங்கள், சரியாகிவிடும்.

வைகைக்கரை:

செய்து பார்த்துவிட்டேன் ஐயா, மாற்றம் இல்லை. 18/03/2025 முன்பிருந்தபடியே கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறது.

திருநகர் கணக்கர்:

இடப்பக்கம் ஒட்டி நிற்கிறது என்று நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. ஷீட்ஸ் ஒரு பதிவைத் தேதி என்று புரிந்துகொண்டால் அதை எண்ணாகச் சேமித்து வலப்பக்கம் நிறுத்தும். புரியாவிட்டால் வெறும் எழுத்தாக இடப்பக்கம் விட்டுவிடும். உங்கள் கோப்பு அமெரிக்க அமைப்பில் இருக்கிறது, அதாவது அது மாதத்தை முதலில் படிக்கிறது. 18/03 என்றால் பதினெட்டாம் மாதம் இல்லை என்பதால் எழுத்தாகவே நின்றுவிட்டது. எழுத்தை `TODAY()`-உடன் ஒப்பிட்டால் அது எப்போதும் பெரியதாகவே கருதப்படும் என்பதால், அந்த வரி எந்நாளும் பட்டியலுக்கு வராது. 05/04 என்பதை அது மே 4 என்று எடுத்துக்கொண்டதால் திருமங்கலம் பள்ளி ஒரு மாதம் தாமதமாக வந்தது. 12-க்கு மேற்பட்ட நாள்கள் காணாமல் போகும், 12 வரையிலான நாள்கள் மாதம் மாறி வரும் என்று சரிபார்த்துப் பாருங்கள். முன்னவர் சொன்ன இடம் சரிதான். ஆனால் அந்த வழி தேதியின் தோற்றத்தை மட்டுமே மாற்றும், ஏற்கெனவே தவறாகப் புரிந்துகொண்டதைத் திருத்தாது.

`File > Settings` சென்று `Locale` என்பதை `India` என்று மாற்றுங்கள். அதன்பின் பழைய வரிகளைக் கையால் திருத்துவதே பாதுகாப்பு. நாளையும் மாதத்தையும் இடம் மாற்றும் சூத்திரம் எழுதலாம். ஆனால் நாள்காட்டியைச் சொடுக்கித் தேர்ந்தெடுத்த தேதிகள் சரியாகவே பதிவாகியிருக்கும், சூத்திரம் அவற்றையும் புரட்டிவிடும். எதை யார் எப்படிப் பதிந்தார் என்பது இப்போது தெரியாது அல்லவா? திருத்தி முடித்தபின் `Data > Data validation` மூலம் ஜி பத்தியில் `Is valid date` என்ற கட்டுப்பாட்டை வைத்து, தவறான பதிவை ஏற்காமல் தடுத்துவிடுங்கள்.

மேலூர் தையலகம்:

எனக்கும் இதே சிக்கல்தான் ஐயா. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்து நான்கு மாதம் ஆகியும் ஒரு நிறுவனம் பணம் தரவில்லை. கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் என்கிறார்கள். 45 நாளுக்குள் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே, அதை ஷீட்ஸில் எப்படிப் போடுவது?

திருநகர் கணக்கர்:

அம்மா, உங்களுடையது வேறு சிக்கல், இருந்தாலும் சொல்கிறேன். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடுவும் 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். சரக்கு ஒப்படைத்த நாளைத் தனிப் பத்தியில் எழுதி, அதனுடன் 15-ஐயோ, 45-ஐத் தாண்டாத ஒப்பந்த நாள்களையோ கூட்டினால் கெடு கிடைத்துவிடும். உங்களிடம் உத்யம் பதிவு இருக்கிறதா, அதை எப்போது பெற்றீர்கள் என்பதைத் தனி இழையில் எழுதுங்கள். மீதியை அதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும்.

வைகைக்கரை:

இந்தியா என்று மாற்றியவுடன் திருமங்கலம் பள்ளியின் தேதி 04/05/2025 என்று காட்டியது. நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. 23 வரிகளைத் திருத்திவிட்டோம், பட்டியல் ஒழுங்காக வருகிறது. ஆனால் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்துக்குப் பிப்ரவரியில் வேலையை முடித்துக் கொடுத்தேன். பாக்கிப் பணத்தைக் கேட்க வேண்டும் என்று தேதியும் சரியாக இருக்கிறது, அது மட்டும் இன்னும் வரவில்லை.

திருநகர் கணக்கர்:

அந்த வரியின் நிலை 'முடிந்தது' என்று இருக்கும், பாருங்கள். கேமராவைப் பொருத்தியதும் உங்கள் பணியாளர் அந்தச் சொல்லைப் போட்டிருப்பார். சூத்திரமோ 'முடிந்தது' என்ற எல்லா வரிகளையும் விலக்குகிறது. வேலை முடிவதும் பணம் வருவதும் ஒரே சொல்லில் அடங்கியதால், பணம் கேட்க வேண்டியவர்களே பட்டியலிலிருந்து மறைகிறார்கள். நிலைப் பத்தியில் விசாரிப்பு, கொட்டேஷன் கொடுத்தது, உறுதி, பொருத்தியது, பணம் தீர்ந்தது, கைவிட்டது என்ற ஆறு சொற்களை மட்டும் தேர்வுப் பட்டியலாக வைத்து, பழைய 'முடிந்தது' வரிகளையும் இவற்றில் ஒன்றாக மாற்றுங்கள். சூத்திரத்தில் 'முடிந்தது' என்ற நிபந்தனையை நீக்கிவிட்டு, கடைசி இரண்டு சொற்களை மட்டும் விலக்குங்கள்.

```
=FILTER('பட்டியல்'!A2:I, 'பட்டியல்'!G2:G<=TODAY(), 'பட்டியல்'!G2:G<>"", 'பட்டியல்'!F2:F<>"பணம் தீர்ந்தது", 'பட்டியல்'!F2:F<>"கைவிட்டது")
```

இன்னொரு பழக்கமும் தேவை. நிலையை மாற்றுபவர் யாராக இருந்தாலும், அதே மூச்சில் அடுத்த தேதியையும் மாற்ற வேண்டும். நடப்பில் இருக்கும் வரியில் ஜி பத்தி வெறுமையாக இருந்தால் அந்த வாடிக்கையாளரும் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார்.

வைகைக்கரை:

அப்படியேதான் இருந்தது ஐயா, மாற்றிவிட்டேன், மிக்க நன்றி. அந்த நிறுவனத்தின் கணக்கிலேயே ஒரு சந்தேகம். வேலை 1,50,000 ரூபாய், ஜிஎஸ்டி 27,000, ஆக மொத்தம் 1,77,000 ரூபாய்க்குப் பில் கொடுத்தேன். முன்பணம் 75,000 வந்தது. நேற்றுக் கேட்டதும் இன்று 1,00,500 வந்திருக்கிறது. மீதி 1,500 ரூபாயை இன்னும் கேட்க வேண்டுமா?

தல்லாகுளம் உதவியாளர்:

நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். அந்த 1,500 ரூபாய், உங்கள் வருமான வரிக்காக அவர்கள் பிடித்துக் கட்டும் டி.டி.எஸ்ஸாக இருக்க வேண்டும். நீங்கள் தனிநபர் உரிமையாளர் என்றால் ஒப்பந்த வேலைக்கு 1 விழுக்காடு பிடிப்பார்கள். பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருப்பதால் 1,50,000-க்கு மட்டும் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதற்கு முன் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் காலாண்டு அறிக்கை தாக்கல் செய்தபின்தான் அது தெரியும் என்பதால் சில வாரங்கள் ஆகலாம். 'வரவு' என்று ஒரு தாள் தொடங்கி, வந்த ஒவ்வொரு தொகைக்கும் ஒரு வரி எழுதுங்கள். டி.டி.எஸ்ஸையும் ஒரு வரவாகவே எழுதினால் பாக்கி பூஜ்யத்துக்கு வந்துவிடும்; இல்லையென்றால் தீர்ந்த கணக்கு வருடக்கணக்கில் பாக்கியாகவே நிற்கும்.

தெற்குவெளி:

பணியாளர்கள் வேலையிடத்திலிருந்து கைபேசியில் பதியும்போது இந்தக் கட்டுப்பாடுகள் நிற்குமா? எங்கள் கடையில் ஒரு பையன் வேறொரு கட்டத்திலிருந்து தேதியை நகலெடுத்து ஒட்டியதும், வைத்திருந்த கட்டுப்பாடே போய்விட்டது.

திருநகர் கணக்கர்:

ஒட்டும்போது அந்தக் கட்டத்தின் கட்டுப்பாடும் சேர்ந்து மாறிவிடும், உண்மைதான். பணியாளர்களைக் கூகுள் ஃபார்ம் வழியாகப் பதியச் செய்தால் தப்பலாம். ஆனால் ஃபார்ம் ஒவ்வொரு முறையும் புது வரியைத்தான் சேர்க்கும், பழைய வரியின் தேதியை மாற்றுவது அதில் எளிதல்ல. எங்கள் அலுவலகத்தில் இதற்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை; மாலையில் ஒருவர் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் தேதிகள் இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்திவிடுகிறார்.

வைகைக்கரை:

எங்கள் வீட்டில் அந்த வேலையை என் மனைவி ஏற்றுக்கொண்டார். ஃபார்மில் பழைய வரியைத் திருத்தும் வழி தெரிந்தவர்கள் இருந்தால் இங்கே எழுதுங்கள்.