பழைய ஸ்கூட்டர் பேட்டரியைச் சோதித்துத் தர ஆள் வேண்டும்

வணக்கம். வேளச்சேரியில் இருக்கிறோம். அண்ணனின் மின்சார ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரி வீட்டில் இருக்கிறது. கரண்ட் போனால் ஃபேனுக்கும் விளக்குக்கும் ஆகுமே என்று நினைத்தேன்.

உள்ளே 14 செல் வரிசைகள். முழுதாக சார்ஜ் ஏற்றிய அன்று எல்லாமே 4.15 வோல்ட் காட்டின. இரண்டு வாரம் சும்மா வைத்துவிட்டு அளந்தால், 13 வரிசைகள் 4.13-ல் நிற்க, ஒன்று மட்டும் 3.86-க்கு இறங்கியிருக்கிறது. பேட்டரியைக் கண்காணித்துப் பாதுகாக்கும் பி.எம்.எஸ். போர்டு அந்த வரிசையிலிருந்து கரண்ட் இழுக்கிறதா, செல்லுக்குள்ளேயே ஷார்ட் தொடங்கிவிட்டதா தெரியவில்லை. இரண்டாவது என்றால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. குழந்தைகள் தூங்கும் வீட்டில் அதை வைக்க மனம் வரவில்லை.

மீதி 13-ஐயும் நம்ப முடியாது. வோல்ட் சரியாக இருந்தாலும் கொள்ளளவு பாதியாகக் குறைந்திருக்கலாம். ஒவ்வொரு வரிசையையும் தனியாக டிஸ்சார்ஜ் செய்து எத்தனை ஆம்பியர்-மணி தருகிறது, உள்மின்தடை எவ்வளவு, எது சூடாகிறது என்று பார்க்க வேண்டும்.

சென்னையில் இதைச் செய்து தருபவர் யாராவது தெரியுமா? அப்புறம், தேறாவிட்டால் காயலான் கடையில் போட மாட்டேன். பதிவு பெற்ற பேட்டரி மறுசுழற்சி நிறுவனத்தில் ஒற்றை பேட்டரியையும் வாங்கிக்கொள்வார்களா? கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.