கலைச்சொல் வேண்டும்: ஐ, ஔ கூட்டுயிரா, ஈரொலி உயிரா?

மலர்விழி:
அன்புள்ள குழுவினருக்கு, ஒலியியல் தொடக்கப் பாடத்தின் சொற்பட்டியலை வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. ஒரே உயிருக்குள் நாக்கு நகர்ந்து இரண்டு ஒலி கேட்கும் டிப்தாங்குக்கான சொல் ஒன்றுதான் இழுத்துக்கொண்டே இருக்கிறது. 'கூட்டுயிர்' என்று எழுதி வகுப்பிலும் சொல்லிவிட்டேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "இரண்டு உயிர் கூடியதுதான் ஐ என்றால் உயிரெழுத்து பத்துதானே அம்மா, ஏன் பன்னிரண்டு என்கிறோம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இன்னொரு ஐயமும் இருக்கிறது. 'ஐயம்' என்று சொல்லும்போது நாக்கு நகர்வது தெரிகிறது. 'தலை' என்னும்போது அப்படித் தெரியவில்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கலாமா?

செந்தில்:
மாணவி கேட்டது முழுக்கச் சரி. தொல்காப்பியரே "அகர இகரம் ஐகாரம் ஆகும்" என்றும் "அகர உகரம் ஔகாரம் ஆகும்" என்றும் சொல்லிவிட்டார். அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? பெரியாரும் 'அய்', 'அவ்' என்று எழுதச் சொன்னார். 1978 அரசாணை ணை, லை போன்ற எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றியதே தவிர, இதில் கைவைக்கவில்லை. 'கூட்டுயிர்' என்றே வையுங்கள். மக்களுக்குக் கேட்டவுடன் புரியும்.

முத்தையா:
செந்தில் தம்பி பாதி நூற்பாவோடு நின்றுவிட்டார். அதே தொல்காப்பியர் நூன்மரபில் ஐயையும் ஔவையும் ஈரளபு இசைக்கும் நெடில் ஏழில் சேர்த்துத்தான் எண்ணுகிறார். மொழிமரபில் நீங்கள் காட்டிய இடம் போலியைப் பற்றியது. அதற்கு அடுத்து, அகரத்தின் பின் யகரப் புள்ளி வந்தாலும் ஐ போலத் தோன்றும் என்கிறார். நன்னூலார் இன்னும் தெளிவாக "ஐயொத்து இசைக்கும்" என்றார். ஒத்து இசைக்கும் என்றால் அதுவே இது என்று பொருளாகாது.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். மெய் + இல் = மெய்யில். பொய் + ஆ = பொய்யா. 'கை' என்பது உண்மையில் 'கய்' என்றால் 'கய்யில்' என்று இரட்டித்திருக்க வேண்டும். நாம் எழுதுவதோ 'கையில்'. தீ + இல் = தீயில் என்பதைப் போல இங்கும் யகரம் ஒன்றே உடம்படுமெய்யாக வருகிறது. எனவே புணர்ச்சியில் ஐ ஓர் உயிராகத்தான் நடந்துகொள்கிறது. பன்னிரண்டு சரியே.

கதிரவன்:
நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. எங்கள் அகராதித் தேடலில் 'கௌவை' கிடைப்பதில்லை. பலர் கெ தட்டிப் பக்கத்தில் ள தட்டிவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ஔ-வும் இதே கதைதான், ஒ + ள என்று வருகிறது. ஒருங்குறியில் ஔ `U+0B94`. அதைப் பிரித்தால் `U+0B92` + `U+0BD7`. கடைசியில் நிற்பது தனிக் குறி, ளகரம் அன்று. ஆனால் ஐ `U+0B90` பிரிவதே இல்லை. அப்படியானால் ஐ ஓருயிர், ஔ ஈருயிர் என்று கொள்ளலாமா?

தேன்மொழி:
கதிரவன், அது எழுதும் வடிவத்தின் பிரிவு. ஒலியின் பிரிவு அன்று. ஒ-வையும் ஒரு துணைக்குறியையும் சேர்த்து வரைகிறோம், அவ்வளவுதான். சொல்லும்போது ஔ ஒகரத்தில் தொடங்குவதே இல்லையே! ஆனாலும் 'கௌ'வை 'கெள' என்று தட்டும் பிழை உண்மையான தலைவலி. அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

மலர், 'கூட்டுயிர்' வேண்டாம். 'சந்தியக்கரம்' என்று யாராவது முன்மொழிந்தால் அதுவும் வேண்டாம். வடசொல் என்பதற்காக மட்டும் மறுக்கவில்லை. வடமொழி இலக்கணத்தில் ஏ, ஓ இரண்டும் அந்த வகுப்பில் அடங்கும். தமிழ் ஏ, ஓ அப்படியல்லவே. சொல்லைக் கடன் வாங்கினால் பாகுபாடும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். கிரேக்க மூலத்தின் பொருள் 'இரண்டு ஒலி'. எனக்குப் பிடித்தது 'நகருயிர்'. நகர்கின்ற உயிர், அழகான வினைத்தொகை. நகர், நகர்வு, நகர்ச்சி என்று எல்லாம் ஒரே வேரில் கிளைக்கும்.

செந்தில்:
நகருயிர் என்றால் பிள்ளைகள் நகரத்து உயிர் என்றுதான் படிப்பார்கள். வகுப்பறையை நினையுங்கள்.

முத்தையா ஐயாவுக்கு: எழுத்தில்தான் 'கையில்'. வாயில் நான் 'கய்யில' என்கிறேன். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். எழுத்து மறைப்பதை இலக்கணச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா?

முத்தையா:
நியாயமான கேள்வி. யாப்பை வைத்தும் இதைப் பிரிக்க முடியாது. கையில், கய்யில் இரண்டுமே நேர் நேர்தான். சொல்லின் முதலில் உங்கள் வாதம் நிற்கட்டும். ஆனால் இடையில் நிற்காது.

'கடமைகளால்' என்ற சீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐகாரம் நெடிலாக நின்றால் கட / மை / களால், நிரை நேர் நிரை, புளிமாங்கனி. 'கடமய்களால்' என்று எழுதினாலும் ஒற்றடுத்த குறிலாகி அதே கனிச்சீர்தான் வரும். வெண்பாவில் கனிச்சீர் வரக்கூடாது. ஆனால் இடையில் நிற்கும் ஐ குறுகிக் குறிலாக நின்று நிரை ஆகும் என்று யாப்பு இடம் கொடுக்கிறது. அப்போது கட / மைக / ளால், நிரை நிரை நேர், கருவிளங்காய். வெண்பாவுக்குள் வந்துவிடுகிறது. மையும் ககரமும் இரண்டு குறில்போல இணைகின்றன. அகரமும் யகரமும் சேர்ந்த ஒன்றால் இதைச் செய்ய முடியுமா?

மலர் 'தலை'யில் கேட்டதும் இந்தக் குறுக்கத்தைத்தான். ஐ மூன்று இடத்திலும் குறுகும். ஔ முதலில் மட்டுமே குறுகும். ஔவை, வௌவால் என்று அது நிற்பதே பெரும்பாலும் அங்குதானே. குறுகினால் நன்னூலார் கணக்கில் ஒரு மாத்திரை. முதலில் வரும் ஐ-க்கு ஒன்றரை என்பது வேறு வழக்கு. பள்ளிப் பாடம் அதைத்தான் சொல்கிறது. எதைச் சொல்கிறீர்கள் என்று பட்டியலில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மலர்விழி:
ஐயா, மிக்க நன்றி. நேற்றிரவு என் குரலையே பதிந்து Praat என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் திறந்து பார்த்தேன். 'ஐயம்' என்பதில், நாக்கு நகர்வதைக் காட்டும் இரண்டாம் ஒலிப்பட்டை நன்றாக மேலேறுகிறது. பேச்சுப்போக்கில் சொன்ன 'தலை'யின் ஈற்றில் ஏறக்குறைய தட்டையாகவே ஓடுகிறது. எழுத்துப்படி நிறுத்திச் சொன்னால் கொஞ்சம் ஏறுகிறது. ஆக எழுத்து ஒன்று, ஒலி இரண்டு விதம்.

அதனால் 'ஈரொலி உயிர்' என்று எழுதப் போகிறேன். உயிர் ஒன்றுதான், அதற்குள் ஒலிதான் இரண்டு. மாணவியின் பன்னிரண்டுக்கும் இடிக்காது. எதிர்ச்சொல் 'ஓரொலி உயிர்'. குறுகிய ஐ ஓரொலியாகவும் ஒலிக்கலாம் என்று ஒரு குறிப்புச் சேர்க்கிறேன். கதிரவனும் முத்தையா ஐயாவும் தனிமடலில் ஒப்புக்கொண்டார்கள்.

தேன்மொழி:
நாள் நெருங்கிவிட்டதால் ஒப்புக்கொள்கிறேன். 'ஈரொலி' என்பது இரண்டு ஒலியையும் தனித்தனியாக நிறுத்திவிடுகிறது. நடுவில் இருக்கும் நகர்வு காணாமல் போகிறது. உங்கள் திரையில் பட்டை சாய்ந்து ஏறியதே, அது படி படியாக ஏறவில்லையே. அடுத்த பதிப்பில் மீண்டும் பேசுவோம்.

செந்தில்:
'கடமைகளால்' என்னை மடக்கிவிட்டது, இடையில் குறுகுவதை ஏற்கிறேன். சொல்லின் முதலில் வரும் ஐ எனக்கு இன்னும் அய்தான். என் பெயரைப் பெரும்பான்மையில் சேர்க்க வேண்டாம்.