எக்செல் தேதி பைத்தானுக்கு வரும்போது உங்களுக்கு என்ன ஆச்சு? அனுபவம் சொல்லுங்க

கோத்தகிரி இலைக்கணக்கு

முதலில் என் கதை. கோத்தகிரி பக்கம் ஒரு பச்சை இலை சேகரிப்பு மையத்துக்கு மாதக் கணக்கு போட்டுத் தருகிறேன். சிறு விவசாயிகள் கொழுந்து கொண்டுவந்து போடுவார்கள், தராசோடு இணைந்த கம்ப்யூட்டர் ரசீது எண், தேதி, பெயர், கிலோ என்று ஒரு சிஎஸ்வி ஃபைலில் எழுதும். மாதக் கடைசியில் அங்கே இருக்கிற தம்பி அதை எக்செலில் திறந்து சேவ் செய்து எனக்கு அனுப்புவார், நான் பைத்தானில் மாதவாரியாகக் கூட்டி பணப் பட்டியல் போடுவேன்.

2024 ஜூலை பட்டியல் போன மறுநாளே ஒரு பெரியவர் நாலு ரசீதோடு வந்து நின்றார். ஜூலை 4, 11, 18, 25 தேதிகளில் 62, 58, 71, 66 கிலோ, ஆக 257 கிலோ போட்டிருக்கிறார். என் பட்டியலில் 137தான். "ரெண்டு தடவை போட்ட இலைய யாரு சாமி தூக்கிட்டுப் போனது"ன்னு கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை.

ஃபைலைத் திறந்து பார்த்தால் 18ம் 25ம் சரியாக இருக்கின்றன. 4-ஆம் தேதி எடை ஏப்ரல் 7-இல் உட்கார்ந்திருக்கிறது, 11-ஆம் தேதியோடது நவம்பர் 7-இல். நவம்பர் அப்போது வரவே இல்லை! சில வரிகளில் தேதியே இல்லாமல் 45389 என்று வெறும் எண். பைத்தான் எரர் எதுவும் காட்டவில்லை, ஒரு எச்சரிக்கை வந்தது, அதையும் நான் படிக்காமல் கடந்துவிட்டேன்.

யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா, எப்படிச் சரி செய்தீர்கள்?

ஊட்டி பைத்தான் பையன்

அண்ணா ரொம்ப சிம்பிள், `pd.to_datetime(df["Date"], dayfirst=True)` போடுங்க. நம்ம ஊர் தேதியில் நாள்தான் முன்னாடி வரும், பைத்தான் அமெரிக்கா மாதிரி மாதத்தை முதலில் எடுத்துக்கும், அதான் பிரச்சினை. எனக்கு எப்பவும் இதுதான் வேலை செய்யும்.

கோத்தகிரி இலைக்கணக்கு

போட்டேன் தம்பி. எச்சரிக்கை போய்விட்டது, தேதிகள் அப்படியே இருக்கின்றன. ஏப்ரல் 7 இன்னும் ஏப்ரல் 7தான்.

கூடலூர் மளிகை

எனக்கும் இதே தொல்லை! தேதி இருக்கிற இடத்தில் ######## என்று வருது. ஃபார்மட் மாற்றினாலும் போகவில்லை. பைத்தானில் எப்படி எடுப்பது?

குன்னூர் ஓய்வு பெற்றவர்

கூடலூர் நண்பரே, உங்களுடையது வேறு விஷயம். காலம் அகலம் போதாமல் தேதி உள்ளே அடங்கவில்லை, அவ்வளவுதான். மேலே இரண்டு எழுத்துக்கு நடுவில் இருக்கிற கோட்டை இரட்டைக் கிளிக் செய்யுங்கள், தேதி தெரியும். பைத்தானுக்கு அது சரியாகவே போகும்.

இலைக்கணக்கு தம்பிக்கு வருகிறேன். மழையில் கரண்ட் போய்ப் போய் வருது, அதனால் விட்டு விட்டு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தேதியைக் கெடுத்தது பைத்தான் இல்லை, அதற்கு முன்னாலேயே எக்செல் கெடுத்துவிட்டது. அந்தத் தம்பியின் லேப்டாப்பில் ரீஜியன் அமெரிக்கா என்று இருக்கும், போய்ப் பாருங்கள். அந்த எக்செல் 04/07/2024 என்ற எழுத்தைப் பார்த்ததும் "ஏப்ரல் 7" என்று புரிந்துகொண்டு அதை நிஜத் தேதியாக மாற்றிவிடும். 18/07/2024 வந்தால் 18-ஆவது மாதம் கிடையாது, அதனால் தொடாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக ஜூலையில் 1 முதல் 12 வரை நிஜத் தேதி, ஆனால் நாளும் மாதமும் இடம் மாறினது. 13 முதல் 31 வரை எழுத்து, ஆனால் சரியானது. ஜூலை 7 மட்டும் மாறினாலும் அதேதான், தப்பித்தது. உங்கள் ஜூலைக் கணக்கில் 20 நாள் இலை மட்டும் வந்திருக்கும், மீதி 11 நாள் மற்ற மாதங்களின் 7-ஆம் தேதியில் ஒவ்வொன்றாகச் சிதறியிருக்கும். இதுதான் அடையாளம். எல்லா மாதத்திலும் ஒரே தேதியில் எடை இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

`dayfirst` ஏன் உதவவில்லை என்றால், அது எழுத்தைப் படிக்கும்போது மட்டும்தான் பேசும். ஏற்கெனவே தேதியாகி வந்ததைத் திருப்பிப் பார்க்காது. ஊட்டித் தம்பி சொன்னது சிஎஸ்வியை நேராகப் படித்தால் சரி, இங்கே கையை விட்டுப் போன பிறகு சொன்ன மாதிரி.

எக்செலைத் திறந்து பார்த்தாலே தெரியும், அலைன்மென்ட் எதுவும் மாற்றாமல் இருந்தால் எழுத்து இடப்பக்கம் ஒட்டும், தேதி வலப்பக்கம் ஒட்டும். பைத்தானில் முதலில் இதைப் போடுங்கள்:

```python
df["Date"].map(type).value_counts()
```

`str`, `datetime`, `int` மூன்றும் வந்தால் மூன்று வழியில் கையாள வேண்டும்.

கோத்தகிரி இலைக்கணக்கு

சார், மூன்றும் வருகிறது. ரீஜியனும் நீங்கள் சொன்னபடியே. லேப்டாப் வாங்கின நாளிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போனதே இல்லையாம். அந்த 45389 எங்கிருந்து வந்தது?

குன்னூர் ஓய்வு பெற்றவர்

எக்செலுக்கு உள்ளே தேதி என்று தனியாக ஒன்று கிடையாது, நாள் எண்ணிக்கைதான். 45389 என்றால் 2024 ஏப்ரல் 7, அதாவது உங்கள் பெரியவரின் ஜூலை 4. அந்தக் கட்டத்தின் ஃபார்மட் தேதியாக இருந்தால் பாண்டாஸ் தேதியாகக் கொடுக்கும், `General` என்று இருந்தால் எண்ணாகக் கொடுக்கும். யாரோ வேறு ஷீட்டில் வேல்யூ மட்டும் பேஸ்ட் செய்திருப்பார்கள்.

அந்த எண்ணைச் சும்மா `pd.to_datetime(45389)` என்று கொடுத்தால் 1970 ஜனவரி 1 வரும், அதை நானோ செகண்டாக எடுத்துக்கொள்ளும். 1899-12-30 இலிருந்து நாளாகக் கூட்ட வேண்டும். உங்கள் ஃபைலுக்கு இது போதும்:

```python
def sari(v):
    if pd.isna(v):
        return pd.NaT
    if isinstance(v, str):
        return pd.to_datetime(v.strip(), format="%d/%m/%Y")
    if isinstance(v, (int, float)):
        v = pd.Timestamp("1899-12-30") + pd.Timedelta(days=v)
    return pd.Timestamp(v.year, v.day, v.month)

df["Date"] = df["Date"].apply(sari)
```

கடைசி வரியில் `v.day`, `v.month` இரண்டும் வேண்டுமென்றே இடம் மாற்றிப் போட்டது, டைப்பிங் தப்பு என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். `errors="coerce"` மட்டும் சேர்க்காதீர்கள், புரியாததையெல்லாம் சத்தமில்லாமல் காலியாக்கிவிடும், அடுத்த பெரியவர் வந்து நிற்பார்.

ஊட்டி பைத்தான் பையன்

சார் 1900 ஜனவரி 1-லிருந்து எண்ணி ரெண்டு நாள் கழிக்கணும்னுதான் நான் படிச்சேன். அது தப்பா?

குன்னூர் ஓய்வு பெற்றவர்

விடை ஒன்றுதான். ஜனவரி 1-ஐ 0 என்று வைக்காமல் 1 என்று வைத்தார்கள், அதற்கு ஒரு நாள். 1900-ஐ லீப் வருடம் என்று தவறாக வைத்து இல்லாத பிப்ரவரி 29-க்கு 60 என்று எண் கொடுத்தார்கள், அதற்கு இன்னொரு நாள். லோட்டஸ் 1-2-3 இல் இருந்த பிழை அது, அந்த ஃபைல்களோடு ஒத்துப்போக எக்செலும் அப்படியே வைத்துக்கொண்டது.

கொடைக்கானல் மழைமானி

அந்த இல்லாத பிப்ரவரி 29 என்னிடம் நேரிலேயே வந்தது! எங்கள் பங்களாவில் ஒரு பழைய மழைப் பதிவேடு இருக்கிறது, 1898 முதல் கையெழுத்தில், பாதிப் பக்கம் செல்லரித்தது. இரண்டு வருடமாக ராத்திரி ராத்திரி எக்செலில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எக்செலுக்கு 1900-க்கு முன்னால் உலகமே கிடையாது போல, 1899 டிசம்பர் வரை எல்லாம் எழுத்தாகவே நின்றது, 1900 ஜனவரி 1 போட்டதும் டபக்கென்று தேதியானது. அப்புறம் அந்தக் காலத்தை நான் `General` ஆக மாற்றியிருந்ததால் பைத்தானுக்கு 1, 2, 3 என்று எண்ணாக வந்தது. 1899-12-30 இலிருந்து கூட்டினேன். 1899 டிசம்பர் 31 இரண்டு தடவை வந்தது, 1900 பிப்ரவரி 28 காணவே இல்லை! ஒரு வாரம் பதிவேட்டைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் 60-க்குக் கீழே உள்ள எண்களுக்கு மட்டும் ஒரு நாள் சேர்த்தேன், உட்கார்ந்துவிட்டது. மார்ச் 1-லிருந்து எந்தத் தொந்தரவும் இல்லை.

மஞ்சூர் வாசகர்

எனக்கு வந்தது எல்லாத் தேதியும் ஒரே அளவு முந்தினது, நாலு வருடம் ஒரு நாள். எண்ணிப் பார்த்தால் 1462 நாள். பழைய மேக் கம்ப்யூட்டரில் உருவான ஃபைல், அதில் எண்ணிக்கை 1904-இலிருந்து தொடங்கும். `openpyxl` இல் ஃபைலைத் திறந்து `wb.epoch` பார்த்தால் எந்த வருடம் என்று காட்டிவிடும். நான் பார்க்கும்முன் எல்லாத் தேதியிலும் 1462 நாளைக் கழித்துவிட்டு ஃபைலை அனுப்பிவிட்டேன், அப்புறம் பார்த்தால் கூட்டியிருக்க வேண்டும், அது தனிக் கதை.

கோத்தகிரி இலைக்கணக்கு

குன்னூர் சார், ஜூலை சரியாகிவிட்டது! 31 நாளும் வந்தது. ரசீது எண்படி அடுக்கி `df["Date"].is_monotonic_increasing` போட்டேன், `True`. பெரியவருக்கு 257 கிலோ. பாக்கிக் காசு கொடுத்தபோது கையில் ரசீதை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

ஆனால் ஆகஸ்ட்டுக்கு அதே கோடு போட்டால் `month must be in 1..12` என்று நின்றுவிட்டது.

குன்னூர் ஓய்வு பெற்றவர்

நல்லது, நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருக்கிறது. எந்த வரி என்று பாருங்கள். நிஜத் தேதியாக இருந்து நாள் 12-க்கு மேல் இருக்கும். அமெரிக்க ரீஜியனில் இடம் மாறின தேதியில் நாள் 12-ஐத் தாண்டவே முடியாது. அப்படியென்றால் அந்த வரியை வேறு யாரோ சரியான ரீஜியனில் அடித்திருக்கிறார்கள்.

கோத்தகிரி இலைக்கணக்கு

ஆமாம் சார், ஆகஸ்ட் 22. தராசுக் கம்ப்யூட்டர் பழுதான நாலைந்து நாள் கைரசீது போட்டு, பிறகு முதலாளி மகள் தன் லேப்டாப்பில் ஏற்றியிருக்கிறார். அவர் ஆகஸ்ட் 5, 6 கைரசீதுகளையும் சேர்த்து ஏற்றினாராம். அவை ஏற்கெனவே சரியாக இருக்கின்றன, நான் திருப்பினால் கெட்டுவிடும்.

குன்னூர் ஓய்வு பெற்றவர்

அங்கே தேதியைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. மே 8 என்று இருப்பது ஆகஸ்ட் 5-ஆகத்தான் இருக்க வேண்டும், மாதம் தெரிந்ததால் அதுவரை சரி. ஒரே மாத ஃபைல் என்றால், மாதம் 8 ஆக இருந்தால் விடு, நாள் 8 ஆக இருந்தால் திருப்பு என்று எழுதலாம். பழைய ரசீது ஏதாவது அடுத்த மாதத்தில் ஏறியிருந்தால் அந்த விதி உடையும். 08/07 என்ற ரசீது ஆகஸ்ட் ஃபைலில் வந்தால் என்ன செய்வீர்கள்? ரசீது எண் வரிசையை வைத்து முன்னும் பின்னும் பார்க்கலாம்.

கோத்தகிரி இலைக்கணக்கு

கைரசீதுக்கு வேறு எண் வரிசை சார்.

குன்னூர் ஓய்வு பெற்றவர்

அப்போது கைரசீதுப் புத்தகத்தைத்தான் எடுத்துப் பார்க்கணும். இனிமேல் அந்த சிஎஸ்வியை எக்செலில் திறக்காமல் அப்படியே அனுப்பச் சொல்லுங்கள், எல்லாக் காலத்தையும் `dtype=str` வைத்துப் படித்து, பிறகு தேதிக்கு மட்டும் ஃபார்மட் கொடுங்கள்.

கோத்தகிரி இலைக்கணக்கு

சொல்லியாச்சு. "ஃபைல் உள்ளே சரியா இருக்கான்னு பார்க்காம எப்படிண்ணா அனுப்புறது"ன்னு அவர் கேட்கிறார், திறந்துவிடுவார். கைரசீதுப் புத்தகம் நாளைக்கு வருது. இருபத்து மூணு ரசீது இருக்காம்.