வீட்டுக் குழுவில் ஒரு டை-பிரேக்கர் விவாதம்

மீனா அத்தை: நேற்றிரவு குவிஸ் இறுதிப் போட்டியை யாராவது பார்த்தீர்களா? இரண்டு அணிகளும் சம மதிப்பெண். கடைசியாக ஒரே ஒரு கேள்வி. அந்தப் பெண் பஸ்ஸரை அழுத்தித் தவறான விடை சொன்னாள். அவ்வளவுதான், கோப்பை எதிரணிக்குப் போய்விட்டது. எதிரணி வாயைக்கூடத் திறக்கவில்லை! எனக்கு இரவெல்லாம் மனம் ஆறவில்லை.

சுந்தரம் மாமா: சடன் டெத் என்றால் அதுதான் மீனா. தவறினால் வெளியே. உலகம் முழுவதும் இதே விதிதான்.

ரேவதி அக்கா: இல்லை மாமா, உலகம் இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பிரிட்டனின் ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’ நிகழ்ச்சியில், சமநிலைக் கேள்வியின் நடுவில் குறுக்கிட்டுத் தவறாகச் சொன்னால் ஐந்து மதிப்பெண் போகும், ஆட்டமும் அதோடு முடியும். கேள்வியை முழுவதும் கேட்டுவிட்டுத் தவறினால் தண்டனை இல்லை. ஆனால் அமெரிக்காவின் ‘ஜெபர்டி’யில் எதிராளியின் தவறால் யாரும் ஜெயிக்க முடியாது. சரியான விடையை நீங்களே சொல்லியாக வேண்டும்.

கார்த்தி: ஜெபர்டியில் சமநிலை வந்தால் இருவரையும் வெற்றியாளர் என்று அறிவித்துவிடுவார்கள் அல்லவா அக்கா?

ரேவதி அக்கா: பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. 2014 இல் விதியை மாற்றினார்கள். இப்போது முதலிடத்தில் சமநிலை வந்தால் ஒரே ஒரு கேள்வி.

மீனா அத்தை: அந்தப் பெண்ணுக்கு நடந்தது நியாயமா அநியாயமா, அதை முதலில் சொல் ரேவதி. எட்டு வருடமாகக் கேள்வி எழுதுகிறவள் நீ.

ரேவதி அக்கா: விதியை முன்கூட்டியே வாசித்தார்களா அத்தை?

மீனா அத்தை: வாசித்தார்கள். குறுக்கிட்டுத் தவறினால் தோல்வி என்று தெளிவாகவே சொன்னார்கள்.

ரேவதி அக்கா: அப்படியானால் விதியைக் குறை சொல்ல மாட்டேன். கேள்வியைத்தான் பார்க்க வேண்டும். குறுக்கிட்டால் தோல்வி என்று வைத்தால், கேள்வியை எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதுவரை வந்த சொற்கள் ஒரே ஒரு விடையைத்தான் காட்ட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் முதலில் தவறான விடைக்கு என்ன தண்டனை என்று முடிவு செய்வோம், கேள்வி எழுதுவது அதற்குப் பிறகுதான்.

சுந்தரம் மாமா: கேள்வி முடியும்வரை பஸ்ஸரே வேலை செய்யாதபடி வைத்துவிட்டால் தொல்லை இல்லையே?

ரேவதி அக்கா: ஜெபர்டியில் அப்படித்தான் மாமா. நடத்துபவர் வாசித்து முடிக்கும்வரை பஸ்ஸர் பூட்டியிருக்கும். முந்தி அழுத்தினால் கால் நொடி தடை. ஆனால் அங்கே வேறு சிக்கல். இருவருக்கும் விடை தெரிந்த கேள்வியாக இருந்தால், யாருக்கு விரல் வேகம் அதிகமோ அவருக்குத்தான் கோப்பை. அதனால் நான் குறுக்கிட விடுவேன். யாருக்கு ஆழமாகத் தெரியுமோ அவர் முதல் குறிப்பிலேயே அழுத்துவார். கடினமான குறிப்பு முன்னால், எளிதானது கடைசியில்.

கார்த்தி: ஒரு கேள்வி சொல்லுங்கள் அக்கா, நாங்களும் முயல்கிறோம்.

ரேவதி அக்கா: போன முறை நான் எழுதியதையே தருகிறேன். அந்தக் கேள்வி நிகழ்ச்சிக்குப் போகவில்லை. ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

“இதைக் கண்டவர் முதலில் வால்நட்சத்திரம் என்று அறிவித்தார், பிறகு தம் அரசரின் பெயரைச் சூட்டினார், சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 84 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும், பக்கவாட்டில் படுத்தபடி சுழலும் இந்தக் கோள் எது?”

சுந்தரம் மாமா: யுரேனஸ். நல்ல கேள்விதானே? அதைக் கண்ட ஹெர்ஷல் மூன்றாம் ஜார்ஜ் அரசரின் பெயரை வைத்தார் என்று படித்திருக்கிறேன்.

ரேவதி அக்கா: நானும் அப்படித்தான் நினைத்தேன். வாசித்துப் பார்க்கும் கூட்டத்தில் ஒரு தோழி, “அரசரின் பெயரைச் சூட்டினார்” என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, “சீரீஸ்” என்றாள். நான் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சுற்றும் சீரீஸ் என்ற குறுங்கோளை 1801 இல் கண்ட பியாட்சியும் அதை வால்நட்சத்திரம் என்றுதான் அறிவித்தார். தம் அரசர் ஃபெர்டினாண்டின் பெயரையும் அதற்குச் சேர்த்து வைத்தார். இரண்டு குறிப்புகளும் அப்படியே பொருந்துகின்றன!

கார்த்தி: அடடா. அந்த நேரத்தில் ஒருவர் சீரீஸ் என்று சொல்லித் தோற்றிருந்தால்?

ரேவதி அக்கா: நாம் எடுத்துச் சொல்ல ஒரு பதிலும் இருந்திருக்காது. அவர் நம்மைவிட அதிகம் படித்தவர், அந்தப் படிப்பாலேயே தோற்றிருப்பார். அந்த நினைப்பில் எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

மீனா அத்தை: ஆனால் “கோள் எது” என்று கேட்டிருக்கிறாயே? சீரீஸ் கோள் இல்லையே.

ரேவதி அக்கா: நல்ல இடத்தைப் பிடித்தீர்கள் அத்தை. “கோள்” என்ற சொல் எங்கே இருக்கிறது பாருங்கள். வாக்கியத்தின் கடைசியில். தமிழில் எதைக் கேட்கிறோம் என்பது முடிவில்தான் தெரியும். குறுக்கிடுகிறவர் அதைக் கேட்கவே இல்லை. அதனால் தமிழில் எழுதும்போது “இந்தக் கோளை” என்று முதல் சொல்லாகவே வைக்க வேண்டும். அதுவும் போதாது, சீரீஸையும் பல ஆண்டுகள் கோள் என்றுதான் அழைத்தார்கள். எனவே முதல் குறிப்பையே மாற்றினேன். “இந்தக் கோளை, இசையைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து கண்டார்…” பியாட்சி பாதிரியார், வானாய்வுக் கூடத்தில் இருந்தவர். ஹெர்ஷல்தான் இசைக்கலைஞர். இப்போது முதல் அடியிலேயே ஒரு விடைதான்.

சுந்தரம் மாமா: ஒரு கேள்விக்கு இவ்வளவு பாடா? பேசாமல் ஆளுக்கு ஒரு கேள்வி மாற்றி மாற்றிக் கேட்டுவிடலாம். ‘வீக்கஸ்ட் லிங்க்’ நிகழ்ச்சியில் அப்படித்தானே? மிகக் கடினமான கேள்வியாகப் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

கார்த்தி: மாமா, அது சீக்கிரம் முடியாது. ஒரு சுற்றில் ஒருவர் சரி, மற்றவர் தவறு என்று வந்தால்தான் முடிவு. இருவருமே பத்தில் ஒன்பது சரியாகச் சொல்கிறவர்கள் என்றால், ஒரு சுற்றில் முடிவு வரும் வாய்ப்பு 18 சதவீதம்தான். சராசரியாக ஐந்தாறு சுற்று, அதாவது பதினோரு கேள்வி போகும். கடினமாக்கிப் பத்தில் ஒன்றுதான் தெரியும் என்று வைத்தாலும் அதே 18 சதவீதம். ஒவ்வொரு சுற்றிலும் இருவருமே தவறிக்கொண்டே இருப்பார்கள்.

சுந்தரம் மாமா: பிறகு எப்படித்தான் போடுவது?

கார்த்தி: பாதி வாய்ப்புள்ள கேள்வி. அப்போது சராசரியாக இரண்டு சுற்றில் முடியும்.

ரேவதி அக்கா: கணக்கு சரி தம்பி. நடைமுறையில் ஒரு கேள்விக்குப் பாதி வாய்ப்பு என்பது யாருக்கு? அரங்கில் நிற்கும் இந்த இருவருக்கு. அதனால் அதே நிகழ்ச்சியில் முன்பு ஆடியவர்களிடம் சோதித்த கேள்விகளைத்தான் பையில் வைத்திருப்போம். இன்னொன்று, ஆளுக்கு வேறு கேள்வி என்றால் இரண்டும் சம கனமாக இருக்க வேண்டும். அது எனக்கு இன்றுவரை முழுத் திருப்தியாக அமைந்ததில்லை. ‘மாஸ்டர்மைண்ட்’ நிகழ்ச்சியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு, இருவரிடமும் அதே ஐந்து கேள்விகளைக் கேட்பார்கள்.

சுந்தரம் மாமா: அதற்கு முன்னால் ‘பாஸ்’ எண்ணுவார்களே! குறைவாகப் பாஸ் சொன்னவருக்கு வெற்றி. எனக்கு அதுதான் பிடிக்கும். புதிய கேள்வியே தேவையில்லை.

ரேவதி அக்கா: எனக்கு அதில் உடன்பாடு இல்லை மாமா. தெரியாததைத் தெரியாது என்று சொன்னவருக்குத் தோல்வி, கண்ணை மூடிக்கொண்டு எதையோ சொன்னவருக்கு வெற்றி என்றாகிறது.

சுந்தரம் மாமா: முயன்று பார்த்தவருக்கு ஒரு மதிப்பு வேண்டாமா? விதி முதலிலேயே தெரியும் அல்லவா? இதில் நீ சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

மீனா அத்தை: என் கதையைக் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊழியர்களுக்கான ஒரு குவிஸ். நானும் இன்னொருவரும் சமம். “ஜனவரி 1 முதல் ஜூலை 1 வரை எத்தனை நாட்கள்?” என்றார்கள். நான் 182 என்று எழுதினேன், அவர் 181. அவருக்கே பரிசு. நான் முதல் நாளையும் சேர்த்து எண்ணினேன். அதில் என்ன தவறு?

ரேவதி அக்கா: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை அத்தை. “முதல், வரை” என்றால் இரண்டு நாட்களையும் சேர்ப்பதுதான் வழக்கு. லீப் ஆண்டா என்றும் அவர்கள் சொல்லவில்லை. கேள்வியே பழுது. ஆனால் எண் எழுதச் சொல்லும் முறை நல்ல முறைதான், பஸ்ஸரே தேவையில்லை. மனப்பாடமாக யாருக்கும் தெரியக்கூடாது, நினைத்துப் பார்த்து நெருங்க முடிய வேண்டும், சரியான எண்ணில் சண்டை வரக்கூடாது. என்னிடம் ஒன்று இருக்கிறது: “ரைட் சகோதரர்களின் முதல் பறத்தல் 1903 டிசம்பர் 17. அதற்கு அடுத்த நாளை ஒன்று என்று எண்ணத் தொடங்கினால், அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய 1969 ஜூலை 20 எத்தனையாவது நாள்?”

கார்த்தி: 65 ஆண்டும் ஏழு மாதமும்… 24,000 என்று எழுதுவேன்.

சுந்தரம் மாமா: 23,900.

ரேவதி அக்கா: விடை 23,957. கார்த்தி 43 தள்ளி, மாமா 57 தள்ளி. கார்த்திக்கு வெற்றி. எப்படி எண்ணுவது என்று கேள்விக்குள்ளேயே சொல்லிவிட்டதால் அத்தைக்கு நடந்தது இங்கே நடக்காது.

மீனா அத்தை: ஒருவர் 23,950, இன்னொருவர் 23,964 என்று எழுதினால்? இரண்டும் ஏழு தள்ளி.

ரேவதி அக்கா: அதற்காகவே இரண்டாவது எண் கேள்வியை உறையில் வைத்திருப்போம். சிலர் விடையைத் தாண்டாதவருக்குத் தருவார்கள். அதைச் செய்வதென்றால் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எழுதிய பிறகு சொன்னால் கைகலப்புதான்.

கார்த்தி: நானும் ஒரு பஸ்ஸர் கேள்வி எழுதிப் பார்க்கட்டுமா? “இந்தத் தனிமத்தை மனிதன் முதலில் அறிந்தது பூமியில் அல்ல, சூரிய ஒளியில்…”

சுந்தரம் மாமா: ஹீலியம்!

மீனா அத்தை: ஹீலியம்.

ரேவதி அக்கா: பார்த்தாயா, இருவரும் ஒரே நொடியில். அது கடைசிக் குறிப்பாக இருக்க வேண்டியது.

கார்த்தி: சரி. “இந்தத் தனிமத்தை 1908 இல் முதன்முதலாகத் திரவமாக்கியவர், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு இயற்பியல் நோபல் பெற்றார்…” பிறகு சூரிய ஒளி, கடைசியில் பலூன்.

ரேவதி அக்கா: நிறுத்திப் பார். “1908 இல் முதன்முதலாகத் திரவமாக்கியவர்” என்ற இடத்தில் வேறு எந்தத் தனிமமாவது பொருந்துமா?

சுந்தரம் மாமா: ஹைட்ரஜன் அதற்குப் பத்து ஆண்டு முன்பே ஆகிவிட்டது, 1898 இல். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

ரேவதி அக்கா: எனக்கும் தோன்றவில்லை. அதனால் சரி என்று ஆகிவிடாது. நாளை அந்தத் தோழியிடம் வாசித்துக் காட்டுகிறேன் கார்த்தி. அவள் எந்தச் சொல்லில் நிறுத்துகிறாள் என்று பார்ப்போம்.