மாற்றி அனுப்பியதும் தப்பான பொருளே: பதில் டெம்ப்ளேட் அனுபவங்கள்

ஷூபெட்டி:
தப்பான பொருள் வந்துடுச்சுன்னு எழுதுறவங்களுக்கு எங்க கடையில இருந்ததும் வழக்கமான டெம்ப்ளேட்தான். மன்னிப்பு, "மாற்றுப் பொருள் இன்றே அனுப்பப்படும்", டிராக்கிங் எண். ஒரு அம்மா 8ஆம் நம்பர் ஷூ கேட்டிருந்தாங்க, 7 போயிருக்கு. மாத்தி அனுப்பினோம், மறுபடியும் 7. அவங்க அனுப்பின போட்டோ இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ரெண்டு பெட்டி பக்கத்துல பக்கத்துல இருக்கு, ரெண்டு ஸ்டிக்கர்லயும் 8. கவுத்து வச்சிருக்கிற ஷூவோட அடியில 7. அந்த மெயிலுக்கும் "மாற்றுப் பொருள் இன்றே அனுப்பப்படும்"னே பதில் போச்சு. "நான் அனுப்புற படத்தை யாராவது திறந்து பார்க்கிறீங்களா?"னு கேட்டாங்க. அந்தக் கேள்வி என்னை விடவே மாட்டேங்குது.

வாசல்படி:
வாங்குற பக்கத்துல எனக்கும் இதேதான். பார்சல் வரலைன்னு கடைக்கு எழுதினேன். "எங்கள் பதிவின்படி உங்கள் பார்சல் டெலிவரி செய்யப்பட்டுவிட்டது"னு பதில் வந்துச்சு. கூடவே கூரியர் ஆள் எடுத்த போட்டோ. அதுல நீலக் கலர் மரக்கதவு. எங்க வீட்டுக்கு இரும்பு கேட். அதைச் சொல்லி எழுதினா, "பக்கத்து வீட்டில் விசாரித்துப் பாருங்கள்"னு அடுத்த டெம்ப்ளேட். என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டாங்கன்னு அவ்வளவு கோபம் வந்துச்சு.

விரைவுபதில்:
இவ்வளவு யோசிக்கவே வேணாம். தப்புன்னு சொன்னா அன்னிக்கே ரீபண்ட் போட்டுடணும். நாங்க அப்படித்தான் செய்யிறோம், சண்டையே வர்றதில்ல. டெம்ப்ளேட் ரெண்டு வரிக்கு மேல போகக் கூடாது.

பழையகிடங்கு:
விரைவுபதில் சொல்றதுல பாதி சரி. பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. ஆனா அந்த அம்மா கேட்டது பணம் இல்ல, 8ஆம் நம்பர் ஷூ. ரீபண்ட் போட்டு மூடிட்டா, அந்த 7 எல்லாம் 8ன்னு ஸ்டிக்கரோட அலமாரியிலயே இருக்கும். அடுத்து ஆர்டர் போடுறவருக்கும் அதுதான் போகும்.

கிடங்குல நான் பார்த்த வரைக்கும் தப்பான பொருள் மூணு வழியில போகும். பக்கத்துத் தட்டுல இருந்து கை மாறி எடுத்தது ஒண்ணு. அப்படின்னா உடனே மாத்தி அனுப்பலாம், சரியாத்தான் போகும். பேக்கிங் மேஜையில ரெண்டு பார்சலோட லேபிள் மாறி ஒட்டினது ரெண்டாவது. அப்ப உள்ளே இருக்கிற பில்லுல வேற ஒருத்தர் பேர் இருக்கும். அவர்கிட்ட இவரோட பொருள் போயிருக்கும். அவர் புகார் எழுதுற வரைக்கும் காத்திருக்காம கடையே முந்திக்கிட்டு எழுதணும். ஆனா ஒருத்தரோட முகவரியை இன்னொருத்தருக்குக் கொடுத்து "நீங்களே மாத்திக்கோங்க"னு மட்டும் சொல்லவே கூடாது. மூணாவதுதான் ஷூபெட்டிக்கு நடந்தது. சரக்கு உள்ளே வரும்போதே ஸ்டிக்கர் தப்பு. ஸ்கேன் பண்ணா கணினி 8ன்னுதான் சொல்லும், எடுக்கிற ஆளுக்குத் தெரியவே தெரியாது.

எது நடந்ததுன்னு கண்டுபிடிக்க ரெண்டு போட்டோ போதும்: பெட்டி ஸ்டிக்கரும் பொருள் மேல இருக்கிற எண்ணும் ஒரே படத்துல, அப்புறம் உள்ளே வந்த பில். ஏற்கெனவே அனுப்பியிருந்தா திரும்பக் கேக்காதீங்க. மேல் கவரைத் தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னா அதுக்காகப் புகாரை நிறுத்தி வைக்காதீங்க. ஸ்டிக்கர் தப்புன்னு தெரிஞ்சா நான் எழுதுற பதில் இது:

"பெட்டியில் 8, ஷூவில் 7 என்று இருப்பதைப் படத்தில் பார்த்தோம். அந்த இருப்பு முழுவதையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். பெட்டியைத் திறந்து 8 என்று உறுதி செய்தபின் அனுப்புவோம். வியாழன் மாலைக்குள் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பிவிடுவோம். காத்திருக்க விருப்பமில்லை என்றால் இப்போதே சொல்லுங்கள்."

முதல் வரியை ஆள்தான் எழுதணும். படத்துல என்ன இருக்குன்னு அதுல சொல்லலைன்னா, யாரும் பார்க்கலைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும். மீதியை டெம்ப்ளேட்டா வச்சுக்கலாம்.

ஷூபெட்டி:
எங்க சரக்கு வேற ஒருத்தர் கிடங்குல இருக்கு. பெட்டியைத் திறந்து பாருங்கன்னா தனிக் கட்டணம் கேக்குறாங்க, பல நாள் ஆகுது. "இன்றே"ங்கிற வார்த்தையை மட்டும் டெம்ப்ளேட்ல இருந்து எடுத்துட்டேன்.

வாசல்படி:
என் கதவு விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலையே?

பழையகிடங்கு:
உங்களுக்கு நடந்தது வேற வகைங்க. கூரியருக்குப் பணம் கட்டினது கடை. அதனால விசாரணையைக் கடைதான் கேக்கணும், உங்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. "கூரியரிடம் புகார் பதிந்துவிட்டோம், புகார் எண் இது"ன்னு பதில் வந்திருக்கணும். கூரியர்கிட்ட புகார் கொடுக்கக் கெடு இருக்கும், அது தாண்டுறதுக்குள்ள கடையை எழுத்துல கேளுங்க.

விரைவுபதில்:
சரி, தப்பாப் போன பொருள்? அது திரும்பி வந்த பிறகுதான் மாத்தி அனுப்பணும்னு எங்க முதலாளி பிடிவாதமா இருக்காரு.

ஷூபெட்டி:
அதுல எனக்கு உடன்பாடே இல்ல. தப்பு கடையோடது, காத்திருக்கிறது மட்டும் அவங்களா?

பழையகிடங்கு:
விலை குறைஞ்ச பொருள்னா ஷூபெட்டி சொல்றது சரி. விலை அதிகமானா நானும் முதல்ல திரும்ப வாங்கத்தான் சொல்லுவேன். ஆனா எடுத்துட்டு வர ஆளும் செலவும் கடையோடதுன்னு பதில்ல இருக்கணும்.