'முதன்மை மதிப்பு' போதுமா?

மல்லேசுவரத்திலிருந்து, கணித ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பகுப்பியல் குறிப்புகளைத் தமிழில் எழுதும்போது கோசியின் 'பிரின்சிபல் வேல்யூ'வில் சிக்கிக்கொண்டேன். 'முதன்மை மதிப்பு' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். முறையற்ற தொகையீடு ஒருங்காமல் போனாலும் இந்த மதிப்பு கிடைக்கலாம்; இல்லாத ஒன்றுக்கு முதன்மை ஏது? 'சமவிலக்கு மதிப்பு' என்றால் பொருந்துமா?

ஜயநகரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

புதுச்சொல் எதற்கம்மா? பன்னிரண்டாம் வகுப்பிலேயே sin⁻¹x-க்கு முதன்மை மதிப்பு உண்டே. −π/2 முதல் π/2 வரை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

மல்லேசுவரம்:

ஐயா, அங்கே பல விடைகளில் ஒன்றைத் தேர்கிறோம். இங்கே கேள்வியையே மாற்றுகிறோம்.

இந்திராநகரிலிருந்து, மென்பொருள் பொறியாளர்:

குழப்பமே இல்லையே. 1/x ஒற்றைச் சார்பு. −1 முதல் 1 வரை இடப்பக்கப் பரப்பும் வலப்பக்கப் பரப்பும் அடிபட்டுவிடும். விடை சுழி, தொகையீடும் ஒருங்குகிறது.

மல்லேசுவரம்:

முதல் பாதி சரி, கடைசிச் சொல்தான் தவறு. சுழிக்கு இடப்புறம் ε, வலப்புறம் 2ε என்று வெட்டிப் பாருங்கள். இடப்பக்கம் ln ε, வலப்பக்கம் −ln 2ε. கூட்டினால் −ln 2. ε எவ்வளவு சிறுத்தாலும் அது அசையாது. ஒருங்குதல் என்றால் இரு பக்கமும் தனித்தனியே எல்லையை எட்ட வேண்டும். யார் எப்படி வெட்டினாலும் விடை ஒன்றே. இங்கே வெட்டுபவர் கைக்கேற்ப விடை மாறுகிறது. இரு பக்கமும் ஒரே அளவு வெட்டுவது என்ற ஒப்பந்தத்தில்தான் சுழி வருகிறது. 1/x²-க்கு அந்த ஒப்பந்தமும் உதவாது: இரு பக்கமும் நேர்க்குறி, எதுவும் அடிபடாது.

இந்திராநகர்:

அப்படியானால் எனக்குப் போன மாதம் நேர்ந்தது இதுதான். ஹில்பர்ட் உருமாற்ற நிரலைச் சோதிக்க 1/x-ஐ h இடைவெளியில் கூட்டினேன். புள்ளிகள் (k+½)h என்றிருந்தபோது சுழி வந்தது. அவை கால் இடைவெளி நகர்ந்து (k+¼)h ஆனதும் ஏறக்குறைய 3.14! h-ஐப் பாதியாக்கிப் பாதியாக்கிப் பார்த்தேன். பிழை குறையவே இல்லை. இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன்.

மல்லேசுவரம்:

அது π-யேதான். புள்ளிகள் சுழிக்கு இருபுறமும் சமமாக நிற்கவில்லை. h-ஐக் குறைத்தும் பிழை குறையாததே அடையாளம்.

ஆனால் என் சொல்லிலும் ஓட்டை இருக்கிறது. x/(1+x²)-ஐ −R முதல் R வரை தொகையிட்டால் சுழி. −R முதல் 2R வரை தொகையிட்டு R-ஐ வளரவிட்டால் ln 2. இங்கே நடுவில் எதையும் விலக்கவில்லை, இரு முனைகளையும் ஒரே தொலைவுக்கு நீட்டுகிறோம். ஆகவே 'சமதொலைவு மதிப்பு' இரண்டுக்கும் பொருந்தும். மாறியை மாற்றிப் பிரதியிடும்போது தொலைவுகள் சமமாக இராமல் போகலாம், விடையும் மாறலாம் என்பதையும் பெயரே நினைவூட்டும்.

ஜயநகர்:

கணக்கு புரிந்தது. ஆனால் 'சமதொலைவு' பஸ் கட்டண அட்டவணை போல ஒலிக்கிறது. நான் 'கோசி முதன்மை மதிப்பு' என்றே எழுதுவேன்.