மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் நம் கூரையில்: சிங்கப்பூரில் வீட்டுக்காரருக்கு எப்படி எழுதுவது?

கடலூர்க்காரன்
சிங்கப்பூர் வந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது. சுவா சூ காங்கில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு, இரண்டு வருட ஒப்பந்தம். குளியலறைக் கூரையில் முதலில் ஒரு மஞ்சள் வட்டம் தெரிந்தது. இப்போது கமோடுக்கு மேலேயே சொட்டுகிறது. வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் "பாத்ரூம் ரொம்ப மோசமாக இருக்கிறது, ஏதாவது செய்யுங்கள்" என்று அனுப்பினேன். "பார்க்கிறேன்" என்று ஒரு பதில், அவ்வளவுதான். ஏஜென்ட் வாளி வைக்கச் சொல்கிறார். முறையாகக் கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன். என்ன எழுத வேண்டும்? அடுத்த மாத வாடகையைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா?

தேக்கா தம்பி
இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை அண்ணே. தண்ணீர் மேலிருந்து வந்தால் முழுச் செலவும் மேல்வீட்டுக்காரருடையது, அதுதான் சட்டம். நேரே மாடிக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். சரி செய்யும்வரை வாடகை தர மாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா
தம்பி சொல்வது கொண்டோ என்கிற தனியார் அடுக்குமாடி வீட்டுக்கு ஓரளவு பொருந்தும். அங்கே கீழ்வீட்டுக் கூரை ஒழுகினால், மேல்வீட்டில்தான் கோளாறு என்று சட்டமே முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது மேல்வீட்டுக்காரர் பொறுப்பு. வீவக வீட்டில் அப்படி இல்லை. கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும் மேல்வீடு, கீழ்வீடு இரண்டின் உரிமையாளர்களுக்கும் சேர்ந்த பொறுப்பு. ஜிஆர்ஏ என்று ஒரு உதவித் திட்டம் இருக்கிறது. அதில் சேர்த்துக்கொண்டால் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியை இரண்டு உரிமையாளர்களும் ஆளுக்குக் கால் பங்காகத் தருவார்கள். வாடகைக்கு இருப்பவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார். அதனால்தான் உங்கள் கடிதம் மேல்வீட்டுக்குப் போகக் கூடாது, உங்கள் வீட்டுக்காரருக்குத்தான் போக வேண்டும். வீவகவிடம் அவர் சொன்னால்தான் வேலை நகரும்.

வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். கசிவை விட்டுவிட்டு வாடகையைப் பற்றியே பேச்சு ஓடும்.

எழுதும் முன் ஒரு வாரம் எப்போது சொட்டுகிறது என்று கவனியுங்கள். மேலே யாரோ குளிக்கும் சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் சொட்டி, அப்புறம் நின்றால், தரையின் நீர்த்தடுப்புப் படலமோ தண்ணீர் இறங்கும் ஃப்ளோர் டிராப்போ பழுதாகியிருக்கலாம். பழைய வீடுகளில் அந்தப் படலம் தேய்ந்துபோவது சாதாரணம். இரவு மூன்று மணிக்கும் நிற்காமல் ஒரே சீராகச் சொட்டினால் தண்ணீர்க் குழாயையே சந்தேகிக்கணும். மேல்வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும்; சுற்றிக்கொண்டே இருந்தால் குழாய்க் கசிவு. உங்கள் கூரையில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கிறதா? மேல்வீட்டுக் கழிவுக் குழாய்கள் அதற்குள் தொங்கும். குழாய் மூட்டில்தான் கசிகிறது என்றால் தரையை உடைக்க வேண்டிய அவசியமே இருக்காது.

பொங்கோல் வாசி
எங்கள் வீட்டிலும் இதே கதைதான், படுக்கையறையில். ஏர்கான் வடிகுழாய் அடைத்திருந்தது. சர்வீஸ்காரர் வந்து அரை மணியில் முடித்துக் கொடுத்தார். முதலில் ஏர்கானைப் பாருங்கள்.

கடலூர்க்காரன்
குளியலறையில் ஏர்கான் ஏதுங்க. ஃபால்ஸ் சீலிங் இருக்கிறது, அதன் மூலையில்தான் சொட்டு. கவனித்ததில் காலை ஆறரைக்கும் இரவு பத்துக்கும் அதிகம், மதியம் காய்ந்துவிடுகிறது. விளக்குக்குப் பக்கத்திலும் ஈரம் தெரிகிறது.

உட்லண்ட்ஸ் அக்கா
விளக்குக்குப் பக்கத்தில் ஈரம் என்றால் அந்த சர்க்யூட்டை இன்றே வீட்டின் மின்சுவிட்சுகள் இருக்கும் டிபி பெட்டியில் அணைத்துவிடுங்கள். குளியலறைக்கு பேட்டரி விளக்கு வையுங்கள். இதைக் கடிதத்தில் முதலில் சொல்லுங்கள். "மோசமாக இருக்கிறது" என்றால் வீட்டுக்காரர் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார், விளக்கில் தண்ணீர் என்றால் விட முடியாது. உங்கள் விவரத்தை வைத்து நான் எழுதினால் இப்படி இருக்கும், தேதிகளை மட்டும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் மாற்றி மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி போடுங்கள்.

> வணக்கம். நான் வாடகைக்கு இருக்கும் உங்கள் வீட்டின் குளியலறைக் கூரையில், மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே, தண்ணீர் கசிகிறது. மே 4 அன்று மஞ்சள் கறை தெரிந்தது. மே 11 முதல் சொட்டுகிறது. அன்றே வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். காலையும் இரவும் அதிகம், மதியம் நின்றுவிடுகிறது. தேதியுடன் படங்களும் ஒரு காணொளியும் இணைத்துள்ளேன்.
>
> கூரை விளக்கின் அருகே ஈரம் இருப்பதால் அந்த மின்சுற்றை அணைத்து வைத்திருக்கிறேன். கூரையிலோ குழாயிலோ நான் எந்த வேலையும் செய்யவில்லை.
>
> ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து பார்க்க ஒரு பிளம்பரை அனுப்புங்கள். மேல்வீட்டு உரிமையாளரிடமும் வீவகவிடமும் உரிமையாளர் என்ற முறையில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வார நாட்களில் மாலை 7 மணிக்குப் பிறகும் சனிக்கிழமை முழுவதும் வீட்டில் இருப்பேன். மே 25-க்குள் யார், எப்போது வருவார்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.
>
> இந்தக் கறையும் பெயின்ட் உரிதலும் கசிவால் வந்தவை என்பதால், வீட்டை ஒப்படைக்கும்போது முன்பணத்தில் இதற்காகக் கழிக்கக் கூடாது என்பதையும் இப்போதே பதிவு செய்கிறேன்.

கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். வீட்டைக் காலி செய்யும் நாளில் "கூரை பெயின்டுக்கு இவ்வளவு வெள்ளி" என்று கழிக்கும்போது, ஒரு வருடத்துக்கு முந்தைய இந்தக் கடிதம்தான் பேசும். மேல்வீட்டுக்காரரைக் குறை சொல்லி ஒரு வரிகூட எழுதாதீர்கள். யார் தவறு என்பது சோதனையில் தெரியவேண்டிய விஷயம். அவர் கதவைத் திறந்துவிட்டால்தான் சோதனையே நடக்கும்.

தேக்கா தம்பி
சரிக்கா, வீவக விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒப்பந்தத்தில் சின்னச் செலவு வாடகைதாரருடையது என்று இருக்குமே, அதைக் காட்டி பிளம்பர் காசை இவர் தலையில் கட்டினால்?

உட்லண்ட்ஸ் அக்கா
நல்ல கேள்வி. அந்த ஷரத்து பல்பு, குழாய் வாஷர் மாதிரி அன்றாடத் தேய்மானத்துக்கு. மேல்வீட்டிலிருந்து வரும் கசிவு அதில் சேராது என்பதுதான் என் வாசிப்பு. ஆனால் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வாசகம் வேறு, உங்களுடையதை எடுத்துப் படியுங்கள். அப்படியே அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாகிவிட்டதா என்றும் பாருங்கள். கட்டாத ஒப்பந்தத்தை வழக்கில் ஆதாரமாகக் காட்ட முடியாது.

ஜூரோங் மேஸ்திரி
நான் வாட்டர்ப்ரூஃபிங் வேலையில் இருக்கிறேன். கீழிருந்து கூரையில் துளை போட்டு, விரிசலை அடைக்கும் பியூ என்ற பசையை ஊசியால் ஏற்றுவதாக ஒருவர் வருவார். ஒரே நாள் வேலை, மேல்வீட்டைத் தொடவே வேண்டாம் என்பதால் வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்கும். சின்ன விரிசலுக்கு அது நிற்கும். படலமே போயிருந்தால் தண்ணீர் இரண்டடி தள்ளி வேறு இடத்தில் வரும். மேல்வீட்டுத் தரையில் டிராப்பை அடைத்துத் தண்ணீர் தேக்கி, 24 மணி நேரம் கழித்துக் கூரையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் சாயம் கலந்து விட்டால் இன்னும் தெளிவு. படலம்தான் போயிருக்கிறது என்றால் மேலே டைல்ஸை உடைத்துப் புதுசாகப் போடணும். சில நாள் அவர்கள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்த முடியாது. அவர்கள் தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான், காசு அல்ல.

இன்னொன்று. ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்ததும் காங்கிரீட்டில் துருக் கோடும் உப்பல் விழுந்த பெயின்டும் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். தட்டிப் பார்த்தால் பொள்ளென்று சத்தம் வரும். கட்டியாகப் பெயர்ந்து விழும், அடியில் நிற்காதீர்கள். படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள்.

கடலூர்க்காரன்
ரொம்ப நன்றி. சர்க்யூட்டை அணைத்துவிட்டேன். கடிதத்தை இன்றே அனுப்புகிறேன். 25-ம் தேதிக்குள் பதில் வராவிட்டால்? குளியலறை பயன்படாத நாட்களுக்கு வாடகையில் குறைப்பு கேட்கலாமா?

உட்லண்ட்ஸ் அக்கா
கேட்கலாம், ஆனால் தனிக் கடிதத்தில். வீட்டில் இன்னொரு குளியலறை இருந்தால் அவர் ஒப்புக்கொள்ளத் தயங்குவார். பதில் வராவிட்டால் முதல் கடிதத்தைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் எழுதுங்கள். கடைசியில் முன்பணத்தில் சண்டை வந்தால், சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேற்போகாத குடியிருப்பு ஒப்பந்தம், 20,000 வெள்ளி வரை என்றால் எடுத்துக்கொள்வார்கள். வக்கீல் வேண்டாம்.

பொங்கோல் வாசி
எங்கள் வீட்டில் ஏர்கான் ஒழுகிய மாதம் ஐம்பது வெள்ளி குறைத்தார்கள். ஆனால் அந்த வீட்டுக்கார அம்மா நல்ல மனுஷி.